‘நாளன்னைக்கு’ என்றால் எந்தக் கிழமை?

கேள்வி: சிறுகதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகன் சரவணன், ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். இந்த வாரம் அவனுக்கு நைட் ஷிப்ட். சனிக்கிழமை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வாக்-இன் இன்டர்வியூ. அதற்கான நேரத்தை உறுதி செய்துகொள்ள ரெக்ரூட்டருக்கு வாட்ஸ்அப்பில் எழுதுகிறான். ‘கன்ஃபர்ம்’ என்று பதில் வருகிறது; கதை முடிகிறது. படித்த தோழி, இதில் என்ன கதை இருக்கிறது என்று கேட்டுவிட்டாள். உண்மையில் இந்த மெசேஜ்கள் எப்படி இருக்கும்? எங்கே பிசகும்? ஆள் எடுக்கும் வேலையில் இருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.
— ஒரு வாசகி, காஞ்சிபுரம்

பதில்: ‘கன்ஃபர்ம்’ என்ற சொல்லுக்கு ரெக்ரூட்டரிடம் ஓர் அர்த்தம், சரவணனிடம் வேறோர் அர்த்தம். உங்கள் கதை அந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. அதை எடுக்க, வாக்-இன் ஸ்லாட் என்பது உண்மையில் என்னவென்று முதலில் தெரிய வேண்டும்.

வாக்-இன் விளம்பரத்தில் நேரம் ‘காலை 9.30 முதல் 1.00 வரை’ என்று இருக்கும். அந்த நேரத்துக்குள் சான்றிதழ்களோடு வந்தவர்களைப் பார்ப்பார்கள். ஸ்லாட் என்பது அந்தக் கூட்டத்தைப் பிரித்துவிட ரெக்ரூட்டர் செய்துகொள்ளும் ஏற்பாடு. ஹாலில் இருக்கும் நாற்காலிகளும், கேள்வி கேட்க வரும் இன்ஜினீயர்களும் அளவுதானே. அதனால் சிலரை 9.30-க்கு, சிலரை 10-க்கு, சிலரை 11-க்கு என்று வரச் சொல்வார். பத்து மணி ஸ்லாட் என்றால் பத்து மணிக்கு வாசலில் நிற்க வேண்டும் என்றுதான் பொருள். டெக்னிக்கல் ரவுண்டுக்குக் கூப்பிடும்போது பன்னிரண்டு ஆகியிருக்கலாம். டாக்டரிடம் டோக்கன் போடுவதைப் போலத்தான் இதுவும். ஆகவே இருபது நிமிடத் தாமதத்தில் சரவணனின் வேலை பறிபோவதாக எழுதினால், விவரம் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

அப்படியானால் ரெக்ரூட்டர் எதற்காகத் திரும்பத் திரும்ப ‘கன்ஃபர்மா?’ என்று கேட்கிறார்? வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போவோர் அதிகம் என்பதுதான் காரணம். வருவதாகச் சொன்னவர்களின் பட்டியலை ‘லைன்-அப்’ என்பார்கள். அதில் எத்தனை பேர் நேரில் வந்தார்கள் என்பது ‘டர்ன்-அப்’. மாலையில் மேலதிகாரி ரெக்ரூட்டரிடம் கேட்பது இந்த இரண்டு எண்களைத்தான். எனவே அந்தக் கேள்வி அவருடைய கணக்குக்கானது. சரவணனுக்கு நாற்காலி போட்டு வைத்திருப்பதாக அதற்குப் பொருளில்லை. சரவணனோ தனக்கு இடம் உறுதியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வான்.

இந்த லைன்-அப் பட்டியலிலிருந்து இரண்டாவது பட்டியல் ஒன்று பிறக்கிறது. இன்டர்வியூ தொழிற்சாலைக்கு உள்ளேயே நடந்தால், முந்தின நாள் மாலையில் செக்யூரிட்டி கேட்டுக்கு வருவோரின் பெயர்களும் போன் எண்களும் போகும். அந்தக் காகிதத்தில் பெயர் இல்லையென்றால் வாசலோடு நிறுத்திவிடுவார்கள். ரெக்ரூட்டரின் எக்செல் பட்டியலில் பெயர் இருந்தாலும் அங்கே செல்லாது. சரவணன் உறுதி செய்ய வேண்டியது இந்த இரண்டாவது பட்டியலை. இப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது என்று வையுங்கள். கதைக்கு உயிர் வந்துவிடும்.

இனி மெசேஜ்களுக்கு வருவோம். வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணி வாக்கில் தூங்கி எழுகிறான். நைட் ஷிப்ட் வாரத்தில் அதுதான் அவனுக்குக் காலை. ஐ.டி.ஐ. நண்பர்களின் குழுவில் வாக்-இன் போஸ்டர் வந்திருக்கிறது. பெரும்பாலான பையன்கள் முதலில் அனுப்புவது இது:

‘ஹாய் மேடம்’

இதற்குப் பதில் வராது, வந்தாலும் தாமதமாக வரும். ரெக்ரூட்டரின் திரையில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரிதான் தெரியும். அந்த வரியில் ‘ஹாய்’ மட்டும் இருந்தால் திறந்து பார்க்க ஒன்றுமில்லை. மேலே இருக்கும் பெயர்கூட உதவாது. நம் பையன்களின் வாட்ஸ்அப் பெயர் ‘சரோ’ என்றோ, பிடித்த நடிகரின் பட்டப்பெயராகவோ இருக்கும். போட்டோவில் பைக் நிற்கும்.

ரெக்ரூட்டர் தன் பட்டியலில் நிரப்ப வேண்டிய கட்டங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான்: ஆதாரில் உள்ளபடி பெயர், படிப்பு, தேறிய ஆண்டு, எத்தனை வருட அனுபவம், இப்போது என்ன வேலை, கைக்கு வரும் சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் எத்தனை நாள், வீடு எங்கே. இவற்றை ஒரே மெசேஜில் எழுதி அனுப்புகிறவனுக்கு உடனே பதில் கிடைக்கும், ஏனென்றால் அதை அப்படியே பட்டியலில் ஒட்டிவிடலாம். சரவணன் இப்படி எழுதலாம்:

‘வணக்கம் மேடம். சனிக்கிழமை மெயின்டனன்ஸ் டெக்னீஷியன் வாக்-இன் பற்றி. பெயர் சரவணன் எஸ். ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன், 2018. மெயின்டனன்ஸ் 5 வருஷம், ஒரகடம். கன்வேயர், சென்சார், மோட்டார் பேனல் வேலை. பி.எல்.சி.யில் ஃபால்ட் பார்ப்பேன், புரோகிராம் எழுதினது இல்லை. நோட்டீஸ் 30 நாள். வீடு படப்பை. எத்தனை மணிக்கு வரட்டும்?’

பி.எல்.சி. என்பது மெஷின்களை இயக்கும் சின்னக் கட்டுப்பாட்டுக் கணினி. இதில் அதைப் பற்றிய வரியைக் கவனியுங்கள். பலரும் ‘பி.எல்.சி. தெரியும்’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்கள். ரெக்ரூட்டருக்கு அந்த வேலையின் நுட்பம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்தச் சொல்லை அப்படியே கட்டத்தில் ஏற்றிவிடுவார். சனிக்கிழமை அதைப் படித்துவிட்டு எதிரே உட்காரும் மெயின்டனன்ஸ் மேனேஜர், ‘ஒரு சிலிண்டர் முன்னே போய், அஞ்சு செகண்ட் நின்னு, திரும்பணும். லேடர் போட்டுக் காட்டுப்பா’ என்று, பி.எல்.சி. புரோகிராமை வரைபடமாகப் போட்டுக் காட்டச் சொல்லிப் பேப்பரை நீட்டுவார். மெசேஜில் கூட்டிச் சொன்ன ஒரு சொல் இரண்டு நாள் கழித்து மேஜையில் வந்து விழும். இதைக் கதையில் ஓர் இழையாக வைத்துக்கொள்ளலாம்.

மாலை ஐந்தரைக்கு ரெக்ரூட்டரின் பதில்: ‘சனி 10 மணி. இம்மீடியட் ஜாயினரா? கன்ஃபர்ம் பண்ணுங்க.’

உங்கள் கதையில் நிதானிக்க வேண்டிய இடம் இது. முப்பது நாள் நோட்டீஸ் என்று அவன் எழுதியிருக்கிறான். அவர் மறுபடியும் கேட்கிறார். கேட்பதிலேயே என்ன பதில் வேண்டும் என்பது தெரிகிறது. சரவணன் ‘ஆமா மேடம்’ என்று அடித்து, அழித்து, மறுபடி அடிப்பான். ‘உடனே சேர்றேன்’ என்று சொல்லிவிட்டால், பழைய கம்பெனியில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட வேண்டியிருக்கும். நின்றால் ரிலீவிங் லெட்டர் கிடைக்காது. பி.எஃப். கணக்கில் வேலையை விட்ட தேதியைப் பழைய கம்பெனி ஏற்றாமல் விட்டுவிடலாம். 12 இலக்க யு.ஏ.என். எண் எங்கே போனாலும் கூடவே வருவதால், புதிய கம்பெனி சர்வீஸ் ஹிஸ்டரியைப் பார்க்கும்போது அவன் இன்னும் பழைய இடத்திலேயே வேலையில் இருப்பதாகக் காட்டும். அந்தத் தேதியைத் தொழிலாளியே இணையத்தில் ஏற்ற வழி உண்டு. ஆனால் கடைசி பி.எஃப். தொகை செலுத்தி இரண்டு மாதம் கழிந்த பிறகுதான் முடியும். எனவே நேர்மையான பதில் இப்படி இருக்கும்: ‘இல்லை மேடம், 30 நாள். லீவு பாக்கி இருக்கு, கேட்டுப் பார்த்தா கொஞ்சம் குறையலாம். உறுதியா சொல்ல முடியாது.’ இப்படிச் சொன்னதற்காக வாக்-இன்னுக்கே வராதே என்று சொல்வது அபூர்வம். ஆள் உடனே வேண்டும் என்ற அவசரம் இருந்தால் மட்டும் பட்டியலில் கீழே போவான்.

நல்ல பதிலை யோசித்துக்கொண்டே இருக்கிறான், நேரம் ஓடிவிடுகிறது. ஷிப்ட் பஸ் எட்டே முக்காலுக்குப் படப்பைக்கு வரும். பஸ்ஸில் எழுதலாம்; ஆனால் பக்கத்து சீட்டில் அவனுடைய லைன் ஆட்களே உட்கார்ந்திருக்கிறார்கள். வேறு வேலை தேடுவது ஷிப்ட் இன்சார்ஜ் காதுக்குப் போனால் என்னவாகும் என்ற பயம். உள்ளே போனதும் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். பல தொழிற்சாலைகளில் ஷாப் ஃப்ளோருக்குள் போனைக் கொண்டுபோக முடியாது. பத்து மணிக்கு ஷிப்ட் தொடங்குகிறது. சாப்பாட்டு இடைவேளையில், இரவு 2.15-க்கு, லாக்கரைத் திறந்து நின்றபடியே அடிக்கிறான்:

‘கன்ஃபர்ம் மேடம். நாளன்னைக்கு 10 மணிக்கு கரெக்டா வந்துடுவேன்.’

பிசகு இங்கேதான். நைட் ஷிப்ட் ஆளுக்கு நள்ளிரவில் தேதி மாறுவதில்லை. வியாழக்கிழமை இரவு பத்து மணிக்கு உள்ளே போனவனுக்கு, காலை ஆறு மணிக்கு வெளியே வரும்வரை வியாழக்கிழமைதான். வருகைப் பதிவிலும் அந்த ஷிப்ட் வியாழக்கிழமைக் கணக்கில்தான் ஏறும். ஆகவே அவனுக்கு ‘நாளன்னைக்கு’ என்றால் சனி. ரெக்ரூட்டர் அதைப் படிப்பது வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. அவருக்கு ‘நாளன்னைக்கு’ ஞாயிறு. ஞாயிறு இன்டர்வியூ கிடையாது. இந்த ஆள் தேதியைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறான், இல்லையென்றால் சனிக்கிழமை வர முடியாது என்கிறான் என்று நினைத்து, பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று அடுத்த மெசேஜுக்குப் போய்விடுகிறார். காலையில் குவிந்த மெசேஜ்களுக்கு அடியில் இது அமிழ்ந்துவிடுகிறது. பட்டியலில் சரவணனின் பெயருக்கு நேராக ஒரு கேள்விக்குறி மட்டும் நிற்கிறது.

பொய் யாரும் சொல்லவில்லை, அலட்சியம் என்றும் யாரையும் குறை சொல்ல முடியாது. இரண்டு பேர் இரண்டு காலண்டரில் வாழ்கிறார்கள், அவ்வளவுதான். ஷிப்ட் வேலை பார்க்கும் ஆட்களை எடுக்கும்போது இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும். இதற்கு ஒரே மருந்து, நாளை, நாளன்னைக்கு, இன்னைக்கு நைட் என்ற சொற்களை விட்டுவிட்டுக் கிழமையும் தேதியும் எழுதுவது: ‘14-ம் தேதி சனிக்கிழமை காலை 10.00.’ தேதியும் கிழமையும் சேர்ந்து இருந்தால் ஒன்று தவறினாலும் மற்றது காட்டிக்கொடுத்துவிடும்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குச் சரவணன் எழுந்து பார்க்கிறான். இரண்டு டிக்கும் நீல நிறமாகியிருக்கின்றன. பதில் இல்லை. ‘பார்த்துட்டாங்க, அப்போ ஓகேதான்’ என்று நினைக்கிறான். நீல டிக் மெசேஜ் திறக்கப்பட்டது என்பதை மட்டுமே சொல்லும். ஒப்புக்கொண்டார் என்று சொல்லாது. திறந்தது ரெக்ரூட்டராகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அலுவலக எண்ணை இரண்டு மூன்று பேர் பார்ப்பதுண்டு. உங்கள் கதையில் இதைத் திருப்பியும் போடலாம்: ரெக்ரூட்டர் படித்ததைக் காட்டும் வசதியை அணைத்து வைத்திருந்தால், படித்தாலும் டிக் சாம்பல் நிறத்திலேயே இருக்கும். ‘இன்னும் பார்க்கவே இல்லை’ என்று அவன் தவித்துக்கொண்டிருப்பான்.

இந்த நேரத்தில் அவன் செய்ய வேண்டியது ஒரு போன். நான்கு மணிக்குள் பண்ணிவிட வேண்டும், ஏனென்றால் செக்யூரிட்டிக்குப் போகும் பட்டியல் மாலைக்குள் முடிந்துவிடும். போனில் பேச வேண்டியதும் ஒரே நிமிடம்தான்: ‘மேடம், சரவணன் பேசறேன், எலக்ட்ரீஷியன், படப்பை. 14-ம் தேதி சனிக்கிழமை பத்து மணிக்கு என் பேர் கேட் லிஸ்ட்ல இருக்கா? எந்த கேட், உள்ளே யாரைக் கேட்கணும்?’ ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்பதைவிடப் பெயர் கேட் லிஸ்ட்டில் இருக்கிறதா என்று கேட்பது மேல். முதல் கேள்விக்கு ‘ஆங், வாங்க’ என்று சொல்லிவிடலாம். இரண்டாவதற்குப் பட்டியலைத் திறந்து பார்த்தாக வேண்டும். சரவணன் போன் பண்ணவில்லை. பதில் சொல்லாதவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தை மனதார எழுதுங்கள். அது நம் பையன்களிடம் நிறைய இருக்கிறது.

இன்னொரு நுணுக்கம். வெள்ளிக்கிழமை மாலை ரெக்ரூட்டர் எல்லோருக்கும் ஒரு நினைவூட்டல் அனுப்புவார்: எந்த கேட், லொகேஷன், என்னென்ன ஒரிஜினல்கள். இதை ஒவ்வொருவருக்கும் தனியாக அடிக்கமாட்டார். வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டு அனுப்புவார். அனுப்புகிறவரின் எண்ணைப் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் பிராட்காஸ்ட் மெசேஜ் போய்ச் சேரும். சரவணன் அந்த எண்ணைச் சேமிக்கவில்லை. அவனுக்கு ஒன்றும் வரவில்லை. வராதது அவனுக்கும் தெரியாது, அனுப்பியவருக்கும் தெரியாது. சில ரெக்ரூட்டர்கள் முதல் மெசேஜிலேயே ‘என் நம்பரை சேவ் பண்ணிக்கோங்க’ என்று எழுதுவது இதற்காகத்தான்; படிக்கிறவர்கள் அதை மரியாதைக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள்.

பணம் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. கன்ஃபர்ம் செய்வதற்கு, கேட் பாஸுக்கு, யூனிஃபார்முக்கு, மெடிக்கலுக்கு என்று எந்தப் பெயரில் ரெக்ரூட்டர் பணம் கேட்டாலும் அது மோசடி. கதையை அந்தப் பக்கம் திருப்புவதானால், பணம் போன உடனே அழைக்க வேண்டிய சைபர் குற்ற உதவி எண் 1930 என்பதை நினைவில் வையுங்கள். இந்தக் கதைக்கு அது தேவைப்படாது என்று தோன்றுகிறது. வில்லன் இல்லாமலே இது நன்றாக நிற்கிறது.

சனிக்கிழமை காலை. ஆறு மணிக்கு ஷிப்ட் முடிய வேண்டும். மெயின்டனன்ஸில் மணி அடித்ததும் கிளம்பிவிட முடியாது. அடுத்த ஷிப்டின் ரிலீவர் வந்து, லாக் புக்கைப் பார்த்து, எந்த மெஷின் தொந்தரவு கொடுத்தது என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் நகர முடியும். ரிலீவர் வரவில்லை. இன்சார்ஜ், ‘சரவணா, பத்து மணி வரைக்கும் பார்த்துக்கோ, ஜெனரல் ஷிப்ட் ஆளை அனுப்பறேன்’ என்கிறார். காரணம் சொல்லவும் முடியாது. அவன் லாக்கருக்கு ஓடி 6.20-க்கு அனுப்ப வேண்டிய மெசேஜ் இது:

‘மேடம், சரவணன் எஸ்., எலக்ட்ரீஷியன், இன்று 14 சனி 10.00 ஸ்லாட். நைட் ஷிப்ட் ரிலீவர் வரலை, 10 மணி வரை நிற்கச் சொல்லிட்டாங்க. 11.30-க்குள் கேட்டுக்கு வந்துடுவேன். எடுத்துக்குவீங்களா?’

வயிற்றுவலி, பஸ் பிரேக்டவுன் என்று எழுதத் தோன்றும். தொழிற்சாலைக்கு ஆள் எடுப்பவருக்கு ரிலீவர் வராத கதை நன்றாகத் தெரியும். அவருடைய பிளான்ட்டிலும் நடப்பதுதான். லைனை அப்படியே விட்டுவிட்டு வராத ஆள் என்று அது அவனுக்குச் சாதகமாகவே விழலாம். நேரத்தை மட்டும் சரியாகக் கணக்குப் போட வேண்டும். போஸ்டரில் ஒரு மணி என்று இருந்தாலும், முதலில் ஃபார்ம், பிறகு அரை மணி நேர எழுத்துத் தேர்வு, அதன் பிறகுதான் டெக்னிக்கல் ரவுண்டு. பன்னிரண்டுக்கு மேல் வந்தால் கேள்வி கேட்பவர்கள் சாப்பாட்டுக்கு எழுந்துவிடுவார்கள். அதனால் ‘ஒரு மணிக்குள்’ என்று எழுதுவதில் பயனில்லை, 11.30 என்பது நியாயமான எல்லை.

பத்தே காலுக்கு வெளியே வருகிறான். ஷிப்ட் பஸ் போய்விட்டது. சிங்கப்பெருமாள் கோவில் சாலையில் ஷேர் ஆட்டோ பிடித்து, இரவெல்லாம் போட்ட சட்டையோடும் சேஃப்டி ஷூவோடும் போகிறான். ஷூவை மாற்ற வேண்டியதில்லை. உள்ளே போக அதுவே தேவைப்படலாம். ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டில் கம்பெனி பெயரைச் சொல்லிக் கேட்டால் முதல் கேட்டைக் காட்டுவார்கள். அது லாரிகள் போகும் கேட். அங்கிருந்து இரண்டாவது கேட்டுக்கு மதிலைச் சுற்றி நடக்க வேண்டும். 11.25.

செக்யூரிட்டி காகிதத்தில் விரலை ஓட்டுகிறார். ‘பேர் இல்லையேப்பா.’

சரவணன் போனை எடுத்து டைப் செய்யத் தொடங்குவான். அவனுக்குப் பழகிய வழி அது. ஆனால் ரெக்ரூட்டர் இந்த நேரத்தில் ஹாலில் டோக்கன் கொடுத்துக்கொண்டும் ஃபார்ம் வாங்கிக்கொண்டும் இருப்பார். போன் மேஜையில் கவிழ்ந்து கிடக்கும். 6.20 மெசேஜையே இன்னும் பார்த்திருக்கமாட்டார். இங்கே மெசேஜால் ஒன்றும் நடக்காது. செக்யூரிட்டியிடம் ஆதாரைக் காட்டி, ‘அண்ணே, எச்.ஆர். எக்ஸ்டென்ஷனுக்கு இன்டர்காம்ல ஒரு தடவை கேளுங்க, வாக்-இன்னுக்கு வந்திருக்கேன்னு சொல்லுங்க’ என்று கேட்க வேண்டும். கேட்டிலிருந்து வரும் இன்டர்காமை ஹாலில் யாராவது ஒருவர் எடுத்தே தீருவார். பெயரைக் கையால் எழுதிச் சேர்த்து உள்ளே விடுவது ரெக்ரூட்டருக்கு அரை நிமிட வேலை.

அவனைக் கேட்க வைப்பதா, மறுபடியும் மெசேஜ் அடிக்க வைப்பதா என்பது உங்கள் கையில். கேட்க வைத்தால், இன்டர்காமில் வரும் குரல் செக்யூரிட்டியிடம் இப்படிக் கேட்கட்டும்: ‘சரவணனா? அவர் ஞாயித்துக்கிழமை வர்றேன்னுல்ல சொன்னார்?’